ஆர்டருக்கு ஒரு குரூப்

பல ஊர் சுற்றிவிட்டு, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் காண்ட்ராக்டருக்கு டெய்லர்களைத் திரட்டித் தரும் வேலையில் இருந்தேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் போனில் புதிய குரூப் தொடங்கி, நோட்டில் இருந்த எண்களையெல்லாம் கேட்காமலே சேர்ப்பேன். ஆர்டர் முடிந்ததும் கலைத்துவிடுவேன்.

ஒரு நாள் காலை, மறுநாளுக்குள் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர்கள் இருபது பேர் வேண்டும் என்றார் காண்ட்ராக்டர். கிடைக்காவிட்டால் ஆர்டர் கைமாறிவிடும், என் வேலையும் போகும். குரூப் தொடங்கப் போனால், சில நாட்களுக்குப் புதிய குரூப் தொடங்கவோ ஆள் சேர்க்கவோ முடியாது என்று வந்தது. போன் அடித்தேன். மெஷின் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை.

டீ நேரத்துக்குப் பேக்கரி வாசலில் போய் நின்றேன். குரூப் தொடங்க முடியாமல் போனதைச் சொன்னதும், தெரிந்த டெய்லரம்மா ஒருவர் சிரித்தார்.

"அந்தக் குரூப்பெல்லாம் நீங்கதானுங்களா? உங்க நம்பரு எங்கிட்ட இல்லீங்க. லோன்காரனுகன்னு நெனச்சு ரிப்போர்ட் அடிச்சுட்டேனுங்க!"

"நானுந்தானுங்க, ரெண்டு தடவை!" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"நாளைக்கு வருவீங்களா?"

"இப்படி வந்து கேட்டா வராம இருப்பமுங்களா?"

நான்கு பேக்கரி ஏறி இறங்கியதில் இருபது பேர் சேர்ந்தார்கள். தடை நீங்கியபின் ஒரே குரூப் வைத்து, இணைய விரும்புகிறவர்களுக்கு லிங்க் மட்டும் அனுப்பினேன். வேலை சுலபமானது. ஆனாலும் அன்று பேக்கரி வாசலில் வாங்கிய கிண்டலுக்காகவே மறுபடியும் தடை வராதா என்று சில நாள் தோன்றும்.