ஐந்நூறு ரூபா காணாது

நாற்பத்திரண்டாயிரத்து முந்நூறு. புத்தூர் சோமசேகரத்தை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் இந்தத் தொகையைத் தடங்கலில்லாமல் சொல்லுவார். பட்டா என்று ஊரில் சொல்லும் அவருடைய சின்னச் சரக்கு லொறியின் மாதத் தவணை அது. ஐந்து வருடங்களாக ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதி விடியற்காலையில், ஸ்டாண்டிங் ஓடர் போட்டபடி, வங்கிக் கணக்கிலிருந்து, வாகனத்துக்குக் கடன் கொடுத்த லீசிங் கம்பனிக்குத் தானாகவே போய்க்கொண்டிருந்தது. ஐம்பத்தொன்பது முறை போனது. அறுபதாவதுதான் கடைசி.

அந்த ஐந்து வருடமும் விடிய நாலு மணிக்கே புத்தூர்த் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் ஏற்றிச் சுன்னாகச் சந்தைக்கு ஓடினார். மூட்டையை ஏற்றுவதும் இறக்குவதும் அவரேதான். ஐம்பத்துமூன்று வயதில் நாரி, இடுப்பின் பின்பக்கம், விட்டுப்போயிற்று. இனி மூட்டை தூக்கினால் படுக்கைதான் என்று வைத்தியர் சொன்னார். சோமசேகரம் ஒரு கணக்குப் போட்டார். தவணை முடிந்ததும் பட்டாவை விற்பது, வரும் காசில் சந்தைக்குள் ஒரு கடையை எடுத்து, இருந்த இடத்தில் வெங்காயம் விற்பது. பட்டாவை வாங்க நெல்லியடி ஜெயரூபன் தயார். கடையின் சொந்தக்காரர் மார்ச் முப்பத்தோராம் திகதி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் லீசிங் கம்பனி வாகனத்தின் உரிமைப் புத்தகத்தை விடுவித்தால் போதும், விற்றுவிடலாம்.

மார்ச் ஏழாம் திகதி வெள்ளிக்கிழமை, காசு வீட்டில் தயாராக இருந்தது.

"இஞ்சாருங்கோ, திங்கள் பத்தாம் திகதி. இண்டைக்கே கொண்டுபோய்ப் போட்டிட்டு வாங்கோவன்" என்றார் மனைவி மீனாம்பிகை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டாலை காசு எடுத்துக் குடுக்கிறதோ? உமக்கென்ன விசரே!"

"நான் சொன்னனான் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ."

மற்ற மாதங்களில் எட்டாம் அல்லது ஒன்பதாம் திகதி போட்டுவிடுவார். இம்முறை அவை சனியும் ஞாயிறும். வங்கி பூட்டு. ஞாயிற்றுக்கிழமை வங்கி வாசலில் இருக்கும் காசு போடும் மெஷினுக்குப் போனார். சந்தையில் கைமாறிக் கசங்கி, மண் பிடித்த தாள்கள். மெஷின் பாதியைத் துப்பியது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு திரும்பினார். திங்கள் காலை வங்கி திறந்தவுடன் முதல் ஆளாய் நின்று, முழுத் தொகையையும் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போனார். கடைசித் தவணை முடிந்தது என்று அங்கே எல்லோருக்கும் தேநீரும் வாங்கிக் கொடுத்தார்.

பத்தொன்பதாம் திகதி, சந்தைக்குள்ளே மூட்டைகளுக்கு நடுவே, லீசிங் கம்பனியின் எமில்ராஜ் வந்து நின்றான். கையில் ஹெல்மெட், கழுத்தில் அடையாள அட்டை.

"அண்ணை, மார்ச் மாதக் காசு கட்டேல்லை. போனும் வேலை செய்யேல்லை."

"அந்த நம்பர் துலைஞ்சு போச்சு. ஆனா காசு பத்தாம் திகதியே போட்டாச்சு. ரசீது கிடக்கு."

"வங்கியிலை போட்டிருப்பியள். எங்களுக்கு வரேல்லை. தாமத வட்டி நானூறு, நினைவூட்டல் கடிதம் ஐந்நூறு, நான் வந்ததுக்கு மூவாயிரத்து ஐந்நூறு."

"நீ வந்ததுக்கோ? உன்னை ஆர் கூப்பிட்டது?"

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். எமில்ராஜும் சிரித்துவிட்டான். "அண்ணை, எனக்கு அதிலை ஐஞ்சு சதமும் வராது. கம்பனி போடுறது" என்றான். சோமசேகரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டாவை அப்படியே விட்டுவிட்டு வங்கிக்கு நடந்தார்.

அங்கே கவுண்டரில் இருந்த தர்சினி என்ற பெண் கணினியைத் தன் பக்கம் திருப்பி, விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டு போனாள்.

"ஐயா, பத்தாம் திகதி விடிய ஓடர் ஓடேக்கை கணக்கிலை ஆயிரம் ரூபாதான் இருந்தது. அதாலை திரும்பிட்டுது. ஓடர் திரும்பினதுக்கு ஐந்நூறு வெட்டுப்பட்டிருக்கு. நீங்கள் காசு போட்டது அதுக்குப் பிறகு."

"சரி, பிந்திப்போச்சு. காசு வந்த பிறகு எடுத்திருக்கலாமே?"

"எடுக்கப் பாத்தது ஐயா. செவ்வாயும் புதனும் திரும்ப ஓடினது. செவ்வாய்க்கிழமை கணக்கிலை நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூறு இருந்தது. ஆனா ஆகக் குறைஞ்ச மிச்சம் ஆயிரம் எப்பவும் நிக்க வேணும். அதை விட்டால் நாற்பத்தோராயிரத்து எண்ணூறு. தவணைக்கு ஐந்நூறு ரூபா காணாது. பாதியை அனுப்பேலாது. திரும்பவும் ஐந்நூறு வெட்டு. புதனும் அப்பிடித்தான். மூண்டு தரம் ஓடினால் அந்த மாதத்துக்கு நிப்பாட்டிப் போடும்."

சோமசேகரம் கவுண்டரில் கையை ஊன்றினார். குரல் உயர்ந்தது. வரிசையில் நின்ற முழுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த ஆயிரம் ஆற்றை காசு?"

"உங்கடை காசுதான்."

"அதைத் தவணைக்குத் தொடேலாது. சரி. உங்கடை ஐந்நூறை எதிலையிருந்து வெட்டினனீங்கள்?"

தர்சினி தயங்கினாள். "அதிலையிருந்துதான்."

"அப்ப நீங்கள் தொடலாம், நான் தொடக்குடாதோ? என்ரை காசு நாற்பதினாயிரத்துக்கு மேலை உள்ளுக்குக் கிடக்குது. ஐந்நூறை வெட்டினது நீங்கள். ஐந்நூறு காணாது எண்டு திருப்பி விட்டதும் நீங்கள். அதுக்குத் திரும்ப ஐந்நூறு! உதுக்கு என்ன பேர் பிள்ளை? நாங்கள் சந்தையிலை தராசிலை கை வைச்சால் அடிச்சுத் துரத்துவாங்கள்!"

"ஐயா, கத்தாதேங்கோ. வெள்ளிக்கிழமையே போட்டிருந்தால் ஒண்டும் நடந்திராது."

"வெள்ளிக்கிழமை நான் காசு குடுக்கிறேல்லை."

"உங்கடை கணக்கிலை போடுறதும் குடுக்கிறதோ ஐயா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சோமசேகரம் சிரித்த பக்கம் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "குடுக்கிறதுதான். குடுத்த காசுக்கு என்ன நடந்தது எண்டு இப்ப கேட்டனீங்கள்தானே?" என்றார். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

முகாமையாளர் வெளியே வந்து உள்ளே அழைத்தார். தேநீர் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றார் சோமசேகரம். எழுத்தில் ஒரு முறைப்பாடு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார். கையோடு எடுக்கக்கூடிய காசை எல்லாம் எடுத்தார். காணாததற்கு அன்றைய வெங்காயக் கூலியையும் போட்டு, மறுநாள் காலை லீசிங் கம்பனியில் தவணையையும் வட்டியையும் கடிதக் காசையும் எமில்ராஜ் வந்த காசையும் ஒன்றாகக் கட்டினார். கட்டும்போது, "இதை எதிர்த்துக் கட்டுறன் எண்டு எழுதித் தா" என்று காசாளரிடம் சண்டை பிடித்து, ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வாங்கினார்.

"புத்தகம் எப்ப வரும்?"

"கோப்பு கொழும்புக்குப் போக வேணும் ஐயா. தவணை பிந்தினபடியாலை திரும்பச் சரிபார்ப்பினம். பத்து வேலை நாள்."

"முப்பத்தோராம் திகதிக்குள்ளை வேணும்."

"வராது ஐயா."

கடையின் சொந்தக்காரரிடம் போய் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் இன்னொருவன் முழுக் காசோடு நின்றான். ஏப்ரல் முதலாம் திகதி கடை அவன் கைக்குப் போனது. அன்று வீட்டுக்கு வந்த சோமசேகரம் சாப்பிடாமல் முற்றத்தில் நின்று, வங்கியையும் கம்பனியையும் அதன் வட்டிக் கணக்கையும் நாலு வீட்டுக்குக் கேட்கத் திட்டினார்.

"நான் சொன்னனான் எண்டு இப்ப சொல்லட்டோ?" என்றார் மீனாம்பிகை.

"சொல்லும். சொல்லிப்போட்டு இதையும் சொல்லும். பிந்தினது என்ரை பிழை. ஒருக்கா ஐந்நூறு வெட்டட்டும், சரி. மிச்சம் ஆற்றை பிழை?"

மீனாம்பிகை உள்ளே போய் நாரிக்குப் பூசும் எண்ணெயைச் சூடாக்கினார்.

வங்கி ஒரு மாதம் கழித்துக் கடிதம் அனுப்பியது. இரண்டாவது, மூன்றாவது கட்டணங்களை, அதாவது ஆயிரம் ரூபாவை, நல்லெண்ணத்தின் பேரில் திருப்பிப் போட்டிருப்பதாக அதில் இருந்தது. லீசிங் கம்பனி ஒன்றும் திருப்பவில்லை. வாகனப் புத்தகம் ஏப்ரல் மூன்றாம் திகதியே வந்துவிட்டது. ஜெயரூபன் இப்போதும் கேட்கிறான். ஆனால் கடை இல்லாமல் பட்டாவை விற்றால் செய்ய வேலை இல்லை. நாளை விடிய நாலு மணிக்குச் சோமசேகரம் புத்தூரில் முப்பது மூட்டை வெங்காயம் ஏற்றுகிறார்.