ரிப்பேர் கணக்கில் ஏறிய லேத்து

சின்னமனூரில் மேகமலைக்கு ரோடு பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் பட்டறை இருந்தது. நானும் என் தங்கை கணவரும் ஆளுக்குப் பாதி. மோட்டார் ஷாஃப்ட், ஜீப் ஆக்சில், எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஃபேனுக்கு புஷ் என்று கடைசல் வேலையெல்லாம் நான் பார்த்தேன். பில், பேங்க், வரி எல்லாம் மாப்பிள்ளை. வருசக் கடைசியில் அவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவேன். படித்துப் பார்த்ததில்லை. தங்கையின் புருசனிடம் என்னத்தைப் படித்துப் பார்ப்பது?

கடைசல் பிடிக்கும் பெரிய லேத்து வந்த வருசம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து செகண்ட் ஹாண்டாக வந்தது, நாலு லட்சம். லாரி வாடகையும் காங்கிரீட் அடித்தளமும் இன்னொரு நாற்பதாயிரம். நாலு நாள் நானே நின்று மட்டம் பார்த்து போல்ட் முடுக்கினேன். அந்த வருசக் கணக்கைக் காட்டி மாப்பிள்ளை சொன்னார்: "இந்த வருசம் லாபம்னு ஒண்ணுமில்ல மச்சான். ரிப்பேர் செலவே முழுங்கிருச்சு."

நம்பினேன். மகளைக் கோயம்புத்தூர் காலேஜில் சேர்ப்பதாக இருந்ததை விட்டுவிட்டு, தேனிக்கே பஸ்ஸில் போய் வரச் சொன்னேன். கோயம்புத்தூருக்கென்று வாங்கி வைத்திருந்த பெட்டியை அவள் பரணில் ஏற்றிவிட்டாள்.

மூன்று வருசம் கழித்து மாப்பிள்ளை, பட்டறையைத் தனியாகவே நடத்திக்கொள்கிறேன் என்றார். விலகுகிறவருக்குக் கணக்கில் உள்ள மதிப்புப்படி பங்கு என்று எங்கள் பத்திரத்தில் இருந்தது. அவர் கொடுத்த பட்டியலில் பழைய சின்ன லேத்தும், துளை போடும் மிஷினும், வெல்டிங் செட்டும் இருந்தன. பெரிய லேத்து இல்லை.

"விட்டுப்போச்சா மாப்ள?"

"அது செலவுல போயிருச்சு மச்சான். மதிப்பு ஒண்ணும் இல்ல."

ஷெட்டுக்குள் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஃபைல்களை வாங்கிக்கொண்டு தேனிக்குப் போனேன். பஜாருக்குப் பின்னால் ஒரு ஆடிட்டர் அம்மா இருக்கிறார் என்று கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் ஒவ்வொரு பில்லாகப் புரட்டி, மேசையில் இரண்டு அடுக்காக வைத்தார்.

"மோட்டார் காயில் கட்டுனது, பெல்ட் மாத்துனது, ஆயில், கரண்டு பில், ஷெட்டுக்கு வெள்ளையடிச்சது. இதெல்லாம் பட்டறை ஓடுறதுக்கான செலவு. அந்தந்த வருசத்து லாபத்துலயே கழிக்கணும். அது சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு மற்ற அடுக்கைத் தொட்டார். "லேத்து அப்படி இல்லைங்க. பல வருசம் உழைக்கிற பொருளு. அதுக்குக் குடுத்தது மூலதனச் செலவு. லாரி வாடகையும் அடித்தளமும்கூட அதுலதான் சேரும், அது இல்லாம லேத்து ஓடாதுல்ல. சொத்துல காட்டி, வருசா வருசம் தேய்மானம் மட்டும் கழிக்கணும். இங்கன மொத்தத்தையும் ரிப்பேர்ல எழுதியிருக்காக."

"அதனால எனக்கு என்னம்மா?"

"அந்த வருசம் உங்க லாபம் மறைஞ்சது. இப்ப சொத்தும் மறைஞ்சு நிக்குது. விலகுற ஆளு நீங்க. நட்டம் உங்களுக்குத்தான்."

மாப்பிள்ளை தெரியாமல் எழுதியிருப்பார் என்று நினைக்கவே எனக்கு ஆசை. ஆனால் அதே ஃபைலில் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய துளை மிஷினைச் சரியாகச் சொத்தில் எழுதியிருந்தார். விவரம் தெரிந்த ஆள்தான்.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனேன். கேட்டதும் மாப்பிள்ளை மறுக்கவில்லை. "வரி குறையும்னுதான் எழுதினேன். உங்களுக்கும் சேத்துத்தான. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீக" என்றார்.

"வரிக்குன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. லாபமில்லன்னு ஏன் சொன்னீக?"

தங்கை காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமலே, "விடுண்ணே" என்றாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. அவளும் மறைத்ததற்கு முன்னால் மாப்பிள்ளை மேல் இருந்த கோபம் பெரிதாகத் தெரியவில்லை.

கடைசியில் ஆடிட்டர் அம்மா முன்னால் கணக்கைத் திருத்தினோம். மூன்று வருசத் தேய்மானம் போக லேத்துக்கு இரண்டு லட்சத்து எழுபதாயிரம் மதிப்பு நின்றது. அதில் பாதி எனக்கு. ஆனால் பழைய வருசத்து வரியை வட்டியும் அபராதமுமாகக் கட்ட வேண்டியிருந்தது, அதிலும் பாதி என்னுடையது. எல்லாம் போக, லேத்துப் பங்கில் பாதிகூட என் கைக்கு வரவில்லை. படிக்காமல் போட்ட கையெழுத்துக்கு அது கூலி என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது உத்தமபாளையத்தில் ஒரு பட்டறையில் சம்பளத்துக்குக் கடைசல் பார்க்கிறேன். மகள் படிப்பை முடித்துவிட்டாள். தங்கை பொங்கலுக்கு ஃபோன் செய்வாள். பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பேன், மழை பற்றிப் பேசுவோம். அவள் வைக்கும்வரை காத்திருந்துவிட்டு நானும் வைத்துவிடுவேன்.