வெள்ளையாக வந்த பில்

என் சித்தியின் மளிகைக் கடையில் மாலை ஆறு மணிக்கு மேல் வரிசை வாசலைத் தாண்டும். பத்தொன்பது வருடமாக நின்றபடியே பில் எழுதியதில் அவருடைய கால்கள் வீங்கிவிட்டன. காத்திருக்கப் பொறுக்காதவர்கள் எதிரே இருந்த பெரிய கடைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் பில் போடும் மெஷின் வாங்கச் சம்மதித்தார்.

இரண்டு மெஷின்களைச் சோதிக்க வாங்கி வைத்தோம். முதலாவதன் ஸ்கேனர் கசங்கிய பிஸ்கட் பாக்கெட்டின் பார்கோடையும் சட்டென்று படித்தது. இரண்டாவதற்கு பாக்கெட்டை நீவிக் காட்ட வேண்டியிருந்தது.

"முதலாவதையே எடுத்துடலாம் சித்தி."

"அரிசி, பருப்புல பார்கோடு எங்கடா ஒட்டியிருக்கு? அதுக்கு ரெண்டுலயும் நம்பர்தானே அடிக்கணும்?"

சனிக்கிழமை கூட்டத்தில் முதல் மெஷினில் பேப்பர் ரோல் தீர்ந்தது. புதியதை நான் மாட்டினேன். பில் வெள்ளையாக வந்தது. அந்த மெஷின் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தால், இருபது நிமிடம் பாட்டுதான் ஒலித்தது. சித்தி பேனாவை எடுத்தார்.

ஞாயிறு இரண்டாவதிலும் நான்தான் ரோல் மாட்டினேன். அதிலும் வெள்ளை. சித்தி அழைத்ததும், அதை விற்ற கடையின் மெக்கானிக் போனை எடுத்து, வாயில் சோற்றோடு பேசினார்.

"ரோலைத் தலைகீழா மாட்டியிருக்கீங்கக்கா. ஒரு பக்கத்துலதான் எழுத்து விழும். திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டதும் எழுத்து வந்தது. நேற்றைய கோளாறும் என்னுடையதே.

"காலேஜ்ல பட்டம் வாங்கின கை!" என்றார் சித்தி, சிரிக்கவும் தெம்பில்லாமல். "இதையே வச்சுக்கலாம். பாக்கெட்டை நான் நீவிக்கிறேன்."

பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு, உட்கார்ந்தபடியே அடுத்தவரை அழைத்தார்.