துரும்பு கவிழ்க்காத விளையாட்டு

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

இன்று மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் என் முதலாவது சதுரங்கப் போட்டியை விளையாடி முடித்தேன். ஐந்து ஆட்டம். கையில் கிடைத்தது அரைப் புள்ளி. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகும் பலகை கண்ணை விட்டுப் போகவில்லை. இவ்வளவு சின்னப் பலகைக்குள் இவ்வளவு பெரிய உலகத்தை யார் வைத்தார்கள் என்ற பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை.

நான் உரும்பிராயில் தண்ணிப் பம்பு திருத்துகிறவன். எனக்குத் தெரிந்த விளையாட்டு முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம். ஞாயிறு பின்னேரங்களில் வாசிகசாலைக்குப் பின்னால் நாங்கள் நாலு பேர் சீட்டோடு குந்தினால் பொழுதுபடும் வரை எழும்ப மாட்டோம். துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு முகத்தை வெறுமையாக வைத்திருப்பதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் இல்லை.

சதுரங்கத்துக்கு என்னை இழுத்து விட்டது மகள். பாடசாலை அணியில் விளையாடியவள், வெல்லவேண்டிய ஓர் ஆட்டத்தைத் தோற்றுவிட்டு வந்து பலகையை அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டாள். நாலு மாதம் ஆகிறது. அந்த ஆட்டத்தை யாருக்கும் காட்டவும் இல்லை. "ஒரு ஆட்டம்தானே பிள்ளை, விடு" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "வெளியிலை நிண்டு சொல்ல லேசு அப்பா. நீங்கள் ஒருக்கா இருந்து பாருங்கோ" என்றாள். எனக்கும் ரோசம் வந்துவிட்டது. "சரி, நான் ஒரு ஆட்டம் வெண்டு காட்டினால் நீ திரும்ப விளையாடுவியோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றாள். அந்த ஒரு வெற்றிக்காகத்தான் இந்த வயதில், காய்கள் நகருகிற விதத்தைப் படித்துக்கொண்டு போனேன்.

ஐந்தில் இரண்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எப்படித் தோற்றேன் என்றே தெரியாமல் தோற்றேன். மற்ற மூன்றிலும் பாதுகாப்பான ஒரு நகர்வு என் கண்முன்னாலேயே இருந்தது. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலாவது, ஒரு சின்னப் பிள்ளையோடு. கதிரையில் இருந்தால் கால் நிலத்தில் படாத வயது. பலகையில் எனக்கும் அவளுக்கும் ஒவ்வொரு கோட்டையும் சில சிப்பாய்களும். என் ராசா கடைசி வரிசையில், முன்னால் மூன்று சிப்பாய்களும் அசையாமல் நிற்க, பத்திரமாக இருக்கிறார் என்று நினைத்தேன். அந்த வரிசையைக் காத்துக்கொண்டிருந்தது என் ஒரே கோட்டை. அவளுடைய சிப்பாய் ஒன்று காவல் இல்லாமல் நின்றது. ஓசியில் வந்ததை விடுவேனா? கோட்டையை மேலே ஏற்றி அதை வெட்டினேன். அவள் தன் கோட்டையைத் திறந்த வழியால் என் கடைசி வரிசைக்கு இறக்கி, "மேட்" என்று மெதுவாகச் சொன்னாள். ராசாவுக்குப் பக்கத்தால் போக வழியில்லை. முன்னால் போக என் சிப்பாய்களே மறியல். காவல் என்று நான் நினைத்தது மதிலாகிவிட்டது. ஓரத்துச் சிப்பாயை முதலில் ஒரு கட்டம் தள்ளியிருந்தால் ராசா மூச்சு விட ஒரு வாசல் கிடைத்திருக்கும். ஒரேயொரு கட்டம்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தோற்ற கவலை அதற்குப் பிறகுதான் வந்தது.

இரண்டாவது, குருநகரிலிருந்து வந்த ஒரு கடற்றொழிலாளி அண்ணையோடு. அவருடைய குதிரை பலகையின் நடுவுக்கு வந்து குந்தியது. என் ராசாவும் ஒரு மூலைக் கோட்டையும் தொடங்கிய இடத்திலேயே நின்றன. இரண்டையும் ஒரே பாய்ச்சலில் தாக்கக்கூடிய கட்டம் ஒன்று உண்டு. அதில் என் சிப்பாய் நின்றது, அதைக் காத்தது என் ராணி. நான் பலகையைப் பார்க்கவில்லை, அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கொட்டாவி விட்டார். நித்திரை முழித்த மனிசன் சும்மா வைத்துவிட்டார், இதில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினேன். முந்நூற்றுநாலில் அந்த முகத்துக்கு அதுதான் அர்த்தம். ராணியை எடுத்துக்கொண்டு அவருடைய ராசா பக்கம் வேட்டைக்குப் போனேன்.

குதிரை சிப்பாயை வெட்டிக்கொண்டு பாய்ந்தது. "செக்." ராசாவை நகர்த்தத்தான் வேண்டும். நகர்த்தினேன். அடுத்த பாய்ச்சலில் கோட்டை போனது. வேட்டைக்குப் போகாமல், ராசாவை மற்றக் கோட்டையோடு சேர்த்துக் கோட்டை கட்டிப் பக்கத்துக்கு ஒதுக்க எல்லாம் தயாராக இருந்தது. அதைச் செய்திருந்தால் ராணியும் வீட்டைக் காத்துக்கொண்டு இருந்திருப்பாள், குதிரைக்கும் அங்கே வேலை இருந்திராது.

ஆட்டம் முடிந்து கை குடுக்கும்போது கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் கொட்டாவி விட்டது என்னைப் பேய்க்காட்டி ஏமாத்தத்தானே?"

அவர் சிரித்தார். "சத்தியமாய் நித்திரை தம்பி. ஆனால் இதிலை ஒளிக்க என்ன கிடக்கு? எல்லாம் வெளியிலைதானே கிடக்கு."

உண்மைதான். இந்த விளையாட்டில் கவிழ்த்து வைக்கத் துரும்பு இல்லை. அவருடைய காய்கள் முழுவதும் எனக்குத் தெரியும், என்னுடையவை அவருக்குத் தெரியும். ஒன்றும் மறைக்கப்படாத இடத்தில் நான் குருடனாக இருந்திருக்கிறேன். இப்படியும் ஒரு விளையாட்டா என்று வாய்விட்டே சொன்னேன். நடுவர் என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார்.

மூன்றாவது, கடைசி ஆட்டம். பருத்தித்துறையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். பாவம், அவருடைய படை முழுவதும் கரைந்து ராசா மட்டும் மூலைக் கட்டத்தில் மிஞ்சியது. எனக்கு ராசாவும் ராணியும். மகளிடம் என்ன சொல்லுவேன் என்பதைக்கூட யோசித்துவிட்டேன். மூலையிலிருந்து ஒரு குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் ஒரு கட்டம் கண்ணில் பட்டது. சீட்டில் கடைசிக் கையைத் துரும்பால் வெட்டுகிற பழக்கம். ராணியைக் கொண்டுபோய் அங்கே அடித்து வைத்தேன்.

தபாலதிபர் பலகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கடிகாரத்தை நிறுத்தினார்.

"தம்பி, எனக்குச் செக் இல்லை. போக இடமும் இல்லை. இது சமநிலை."

நடுவர் வந்து பார்த்துத் தலையாட்டினார். அதே கட்டத்தில் ராணிக்குப் பதிலாக என் ராசாவை வைத்திருக்கலாம். ராசா அதற்கு மூலைவாட்டில் ஒரு கட்டம் தள்ளித்தான் நின்றார். அவருடைய ராசாவுக்குப் பக்கத்துக் கட்டம் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும். அவர் அதில் கால் வைத்ததும் ராணி கடைசி வரிசைக்கு ஏறினால் மேட். பெரிய காய் போகவேண்டிய இடம் என்று நான் நினைத்த இடத்தில், ஒவ்வொரு கட்டமாக நடக்கிற ராசா போய் நிற்கவேண்டியிருந்தது. எனக்கு அழுகை வரப்பார்த்தது. ஆனாலும் அந்த வடிவை நினைத்து நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மகள் வாசல் படலையில் நின்றாள். "வெண்டியளோ?"

"இல்லை பிள்ளை. அரைப் புள்ளி." வாக்கு வாக்குத்தான், அவளை ஒன்றும் கேட்கவில்லை. மூன்று இடத்தையும் கையால் காற்றில் காட்டிக் காட்டிச் சொன்னேன். மூன்றாவதில் அவள் உள்ளே போனாள். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அலுமாரிக்கு மேல் இருந்த பலகையோடு வந்தாள்.

என் ஆட்டத்தை அடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அடுக்கியது வேறு. எதிராளியின் ஒரு கோட்டை, இரண்டு ராசா, ராணியாக மாற ஒரு கட்டமே மிச்சமிருந்த அவளுடைய ஒரு சிப்பாய். ஒரு காயும் யோசிக்காமல் வைத்தாள். நாலு மாதமாக அவள் அலுமாரிக்கு மேல் போட்டிருந்தது பலகையை மட்டும்தான் என்று அப்போது விளங்கியது.

"இது என்ரை ஆட்டம், அப்பா. இதிலை ஒரு நல்ல நகர்வு இருக்குது. நான் காணேல்லை. நீங்கள் காணுறியளோ?"

வெகுநேரம் பார்த்தேன். எல்லாம் வெளியில்தான் கிடந்தது.

"தெரியேல்லை பிள்ளை" என்றேன்.

"பாத்தியளோ!" என்று சொல்லிக்கொண்டு, கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்தாள்.