முதல் வாக்கியத்துக்கு ஆதாரம்

மதரஸாவின் எட்டு வகுப்புகளில் தர்க்கத்தில் தேறாதவர் மேலே ஏற முடியாது. சின்ன மூலநூல், அதன் உரை, பிறகு உரைக்கு உரை என்று வருடா வருடம் கனம் கூடும். நபிமொழித் தொகுப்புகளை முழுதாக ஓதிப் பட்டம் வாங்குவது கடைசி வகுப்பில்தான். அவர் அங்கே படித்தவர்; ஆறாம் வகுப்பில், உரைக்கு உரையில் தவறி, அங்கேயே இன்னொரு வருடம் உட்கார்ந்தார். ஏழாவதை முடித்தபோது அம்மா படுக்கையில் விழுந்தாள். மலம் அள்ள, புண் வராமல் புரட்டிவிட வேறு ஆளில்லை. படிப்பு நின்றது.

பிறகு பள்ளிவாசலில் பதினோரு வருடம் தற்காலிக இமாமாக முன்னின்று தொழ வைத்தார். வேலையை நிரந்தரமாக்கச் சொன்னபோது கமிட்டிச் செயலாளர் சிரித்தார்.

"பட்டம் இல்லாதவர் இமாமா இருக்க முடியாது பாய். உங்ககிட்ட பட்டம் இல்ல. அப்புறம் என்ன பேச்சு?"

வாதத்தின் வடிவத்தில் பழுதில்லை. இரண்டாவது வாக்கியம் உண்மை. முதலாவதற்கு ஆதாரம் கேட்பதே அவர் கற்ற விவாத முறை.

"முதல்ல சொன்னதுக்கு ஆதாரம் என்னங்க? இத்தனை வருஷம் உங்களுக்குத் தொழ வச்சது யாரு?"

"கமிட்டி தீர்மானம். பள்ளிவாசல் சாவியைக் கொடுங்க."

கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தன் கேள்வியில் குறையே இல்லை என்று மனைவியிடம் சொன்னார்.

"அந்தக் கேள்வியையே நாளைக்கு உலையில போடுங்க," என்றாள் அவள்.