இரண்டையும் சேர்த்து அளந்தேன்

திருக்காட்டுப்பள்ளியில் இன்வெர்ட்டர், பேட்டரி கடை வைத்திருக்கிறேன். பொம்பளை பேட்டரி தூக்குவாளா என்று கேட்டவர்கள்தான் இப்போது வீட்டில் ஃபேன் நின்றால் எனக்குப் போன் அடிக்கிறார்கள். ஐ.டி.ஐ. படித்தவள் நான். வாய் கொஞ்சம் நீளம். எரிச்சல் வந்தால் வாடிக்கையாளர் என்றுகூடப் பார்க்க மாட்டேன். அந்த வாயால் என் தம்பிக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பா ஆறு கிலோமீட்டர் தள்ளி ஊரில் தம்பியோடு இருந்தார். முப்பது வருஷ பீடியும் ரைஸ் மில் தூசியும் நுரையீரலைத் தின்றுவிட்டன. கடைசி ஒன்றரை வருஷம் ஆக்சிஜன் மெஷின்தான் அவருக்கு மூச்சு. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியே மூக்குக்கு அனுப்பும் மெஷின். அது நின்றால் ஒரு சின்ன சிலிண்டர் உண்டு, அரை மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மெஷினுக்கு நானே இன்வெர்ட்டர் மாட்டினேன். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டு, ஒவ்வொன்றும் நூற்றைம்பது ஆம்பியர்-அவர். ஒன்றின் ப்ளஸ்ஸை மற்றதன் மைனஸில் கோத்தால் சீரிஸ். வோல்ட் இருபத்துநான்காகும், கொள்ளளவு நூற்றைம்பதிலேயே நிற்கும். ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் பேரலல். வோல்ட் பன்னிரண்டுதான், கொள்ளளவு முந்நூறு. மொத்த மின்சாரச் சரக்கு இரண்டிலும் ஒன்றே. நான் சீரிஸ் போட்டேன். அந்த லோடுக்கு நல்ல இன்வெர்ட்டர் இருபத்துநான்கில்தான் கிடைத்தது. கரண்ட் பாதியாகும், வயர் சூடாகாது. பேரலலில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மற்றது தன்னிடம் இருப்பதையெல்லாம் அதற்குள் கொட்டிக் கொதிக்க வைத்துவிடும். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் அது வேண்டாம் என்று நினைத்தேன். கரண்ட் போனால் ஐந்து மணி நேரம் மெஷின் ஓடும். ஓட்டிப் பார்த்து நேரம் குறித்தவள் நான்.

அந்த வருஷம் குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டது. தம்பி நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு முறைக்குக் காத்திருந்தான். எங்கள் பக்கத்தில் குவியலை விட்டு யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். தார்ப்பாய் போட்டு மூடி, விளக்கு வைத்து, ஆள் மாற்றி ஆள் காவல் இருப்பார்கள். விளக்குக்கு டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வருவது வழக்கம். தம்பியின் டிராக்டர் வேறொருவர் வயலில் இருந்தது. பன்னிரண்டு வோல்ட் விளக்கு இரண்டுக்கு ஒரு பேட்டரி போதுமே. அப்பா வீட்டு ஜோடியில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போனான். மூன்று ராத்திரி எரித்தான். அந்த மூன்று நாளும் மழை விட்டிருந்தது, கரண்டும் போகவில்லை. நெல் எடை போட்ட அன்று சாயங்காலம் கொண்டுவந்து பழையபடி மாட்டினான். ஒரு வயரும் மாறவில்லை. என்னிடம் சொன்னால் திட்டுவேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மாதாந்திரப் பார்வைக்கு நான் போனேன். பேட்டரி மேல் நெல் சுணை ஒட்டியிருந்தது. இங்கே எப்படி வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, வீட்டைக் கூட்டக்கூட உனக்கு உடம்பு வணங்காதா என்று தம்பியைத்தான் கடித்தேன். மீட்டரை ஜோடியின் இரண்டு முனையிலும் வைத்தேன். இருபத்தேழரை வோல்ட், சார்ஜில் நிறைந்த ஜோடிக்குச் சரியான கணக்கு. சார்ஜர் பச்சை விளக்கு காட்டியது. அப்பாவிடம் எல்லாம் ஜோர் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.

மத்தியானம் மழை அடித்து ஊற்றியது, கரண்ட் போனது. அரை மணிகூட ஆகவில்லை, தம்பி போன் செய்தான். இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்துவிட்டதாம், சிலிண்டரைத் திறந்துவிட்டானாம். காலையில் நானே அளந்தது, பேட்டரியில் கோளாறு ஒன்றுமில்லை, இன்வெர்ட்டரை ஆஃப் செய்து போடு என்றேன். போட்டான், அணைந்தது. மறுபடி போடு என்றேன். பதினைந்து நிமிஷம் இப்படியே போனது. பிறகுதான் பேட்டரி ஒன்றைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் புளியமரக் கிளை ரோட்டில் கிடந்தது, சுற்றிக்கொண்டு போனோம்.

போனதும் ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்று பன்னிரண்டரைக்கு மேல். இன்னொன்று பத்தே முக்கால். செத்ததைக் கழற்றி, கொண்டுபோனதை மாட்டினேன். மெஷின் ஓடியது. ஆனால் சிலிண்டர் தீர்ந்து வெகு நேரமாகியிருந்தது. அப்பாவின் உதடு நீலம் பூத்திருந்தது. என்னைப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை. ஆம்புலன்ஸில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தம்பி பேட்டரி கொண்டுபோனதைச் சொன்னான். அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

"அப்பாவக் கொன்னது நீதான்டா. நெல்லுக்கு வெளக்கு புடிக்க அப்பா மூச்ச எடுத்துட்டுப் போனே."

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. முப்பதாம் நாள் பூசைக்கு வந்த தம்பி மாதா கோயிலுக்குள் வராமல் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றான். எனக்கு அப்போதும் கோபம்தான். கோபம் இருக்கிறவரைக்கும் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை, அது எவ்வளவு வசதி!

மார்கழியில் ஒரு நாள் கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்காரக்கூட இல்லை. எப்படி ஆனது என்று விவரமாகச் சொல்லச் சொன்னான். சொன்னேன். சீரிஸில் இரண்டின் வழியாகவும் ஒரே கரண்ட்தான் போயாக வேண்டும். நீ காலியாகக் கொண்டுவந்து மாட்டினாய், மற்றது நிறைந்திருந்தது. ராத்திரி சார்ஜர் ஏற்றும்போது நிறைந்தது சட்டென்று பதினைந்துக்கு ஏறிவிட்டது, காலியானது பன்னிரண்டரையில் நின்றது. சார்ஜருக்குக் கூட்டுத்தொகைதான் தெரியும். நிறைந்துவிட்டது என்று கரண்டைக் குறைத்துவிட்டது. பிறகு மெஷின் ஓடியபோது காலியானது முதலில் படுத்தது, மொத்த வோல்ட் இறங்கியது, இன்வெர்ட்டர் அணைந்தது. நல்ல பேட்டரியில் அவ்வளவு சரக்கு இருந்தும் எடுக்க வழியில்லை.

பேரலலாக இருந்திருந்தால் என்று கேட்டான். காலியானதை மாட்டியதும் நல்லது அதற்குள் வேகமாகப் பாய்ந்திருக்கும், வயர் சுட்டிருக்கும், தீப்பொறிகூடப் பறந்திருக்கும். ஆனால் இரண்டும் ஒரே மட்டமாகியிருக்கும், சார்ஜர் இரண்டுக்கும் சேர்த்தே ஏற்றியிருக்கும். அப்பாவுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது கிடைத்திருக்கும். அதையும் சொன்னேன். தொழிலில் பொய் சொல்ல எனக்கு வராது.

கவுன்டர் மேலிருந்த மீட்டரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான்.

"தனித்தனியா அளந்திருந்தா தெரிஞ்சிருக்குமாக்கா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அன்னக்கிக் காலையில நீ அளந்தியே."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. சீரிஸ் ஜோடியை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும் என்று கடைக்கு வரும் ஆட்களுக்கெல்லாம் நான் கத்திக் கத்திச் சொல்கிறவள். அன்றைக்கு மூடியைக் கழற்றி, இரண்டையும் கோத்த நடு முனையைத் தொடச் சோம்பல்பட்டேன்.

"ரெண்டையும் சேத்துத்தான் அளந்தேன்" என்றேன்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அப்ப ஏன்க்கா, அவ்வளவு பேருக்கு முன்னாடி என்னை மட்டும் சொன்னே?"

நான் மீட்டரின் வயரை எடுத்துச் சுற்றினேன். அவன் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனான். இன்னும் ஊரில் யாருக்கும் நான் சேர்த்து அளந்ததைச் சொல்லவில்லை.