பாத்தியில் பதிந்த செருப்பு

எங்கள் மாடி அறையில் தங்க வருகிறவர்களிடம் வந்த உடனே சிலதைச் சொல்லிவிடுவேன். ராத்திரிச் சாப்பாடு வேண்டாமென்றால் மத்தியானமே சொல்லுங்கள். குழம்பு வைத்த பிறகு சொன்னால் எனக்குக் கோபம் வரும். நீல டிரம்மில் இருப்பது குடிக்கிற தண்ணீர், அதில் கை கழுவாதீர்கள். தெருவில் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இவ்வளவு வாய் பேசுகிற நான், உப்பளப் பாத்திக்குள் செருப்போடு இறங்கக் கூடாது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அதுகூடவா தெரியாது என்று நினைத்துவிட்டேன். என் மடத்தனம்.

போன கோடையில் சென்னையிலிருந்து ஓர் அக்கா தனியாக வந்தார். வங்கியில் வேலை. காலையில் என்னோடும் அளத்தில் வேலை செய்யும் என் வீட்டுக்காரரோடும் உப்பளம் பார்க்க வந்தவர், உப்புக் குவியலைக் கிட்டப் போய்ப் படம் எடுக்க ஒரு பாத்தியின் குறுக்கே நடந்துவிட்டார். மறுநாள் உப்புத்தண்ணீர் விட வேண்டிய பாத்தி அது. பல நாள் வெறுங்காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிய தரை. அதில் பள்ளம் விழுந்தால் சேறு கலந்து உப்பு கறுத்துவிடும்.

அளம் எங்களுடையது அல்ல. வரப்பில் நின்று பார்க்கலாம் என்ற பேச்சில்தான் முதலாளி ஆட்களை விட்டிருந்தார். அளம் பார்க்கத்தான் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அது நின்றால் அறையைப் பூட்ட வேண்டியதுதான்.

"நீங்க எதுவும் பேசாதீங்கக்கா. நாய் ஓடிச்சின்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

"நாய் செருப்பு போடுமாங்க?" என்று கேட்டார். சிரிக்கவில்லை.

முதலாளி வந்ததும் அக்காவே முன்னால் போனார். "நான்தாங்க நடந்தேன். இவங்க நெறைய சொன்னாங்க, இதை நானே கேட்டுட்டு எறங்கியிருக்கணும்" என்றார். முதலாளி அவர் பக்கம் திரும்பவே இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நாளைலேர்ந்து யாரையும் கூட்டியாராதப்பா" என்றார்.

பாண்டிச்சேரி போக வண்டி சொல்லியிருந்தார் அக்கா. அதை வேண்டாமென்றுவிட்டு மறுநாள் விடிவதற்குள் வெறுங்காலோடு பாத்தியில் நின்றார். என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தபடி, குதிகால் பதிய, ஓர் ஓரத்திலிருந்து மிதித்தார். வெயில் ஏறும்வரை. அதற்கு அடுத்த நாளும் வந்தார். உப்பு பட்டுக் கால் வெடித்திருந்தது. எண்ணெய் தடவிக்கொடுத்தேன். எத்தனையோ பேர் வந்து தங்கியிருக்கிறார்கள். இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. முதலாளி இரண்டு நாளும் வரப்பில் நின்று பார்த்தார்.

சில வாரம் கழித்து முதலாளி ஒரு பை உப்போடு எங்கள் வாசலுக்கு வந்தார். நான் உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"உங்களுக்கு உப்பு குடுத்திருக்காருக்கா. பார்சல் அனுப்பறேன்."

"எந்தப் பாத்தி உப்பு?"

"நீங்க கெடுத்ததுதான். நல்லா வெள்ளையா இருக்குது."

"ஆளுங்கள விடறாரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கூட்டியாரச் சொல்லிட்டாரு. செருப்ப மட்டும் வரப்புலயே வுட்டுட்டு வரணுமாம்."